திருப்பிக் கேட்கும் பயிற்சி

அந்த வருடம் மாரி மழை தொடங்கிய கிழமையில்தான் அலுவலகத்தில் இருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. தை மாதத்தில் இருந்து எல்லோரும் கிழமைக்கு நான்கு நாட்கள் கொழும்பு அலுவலகத்துக்கு வரவேண்டும், விதிவிலக்கு இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் அதைக் கிளிநொச்சியில், எங்கள் வீட்டின் முன் அறையில் இருந்து வாசித்தேன். வாசித்து முடித்ததும் மடிக்கணினியை மூடி வைத்தேன்.

மென்பொருள் எழுதுவது என் தொழில். பத்து வருடங்களுக்கு மேல் அதையே செய்து வந்திருக்கிறேன். கல்யாணம் கட்டிய முதல் சில வருடங்கள் நான் கொழும்பில் ஓர் அறையில் இருந்தேன், மனைவி மன்னார்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியாக இருந்தாள். வீட்டில் இருந்தே வேலை செய்ய எனக்கு அனுமதி கிடைத்ததும், கிளிநொச்சிக்கு அவளுக்கு இடமாற்றம் கிடைத்ததும் ஒரே வருடத்தில் நடந்தன. அதற்குப் பிறகுதான் நாங்கள் ஒரே வீட்டில் சமைத்து, ஒரே வீட்டில் சண்டை பிடித்து, புருஷன் பெண்சாதியாக வாழத் தொடங்கினோம். அதை விட்டுவிட்டுத் திரும்பவும் வெள்ளிக்கிழமை ரெயினுக்கு ஓடும் வாழ்க்கைக்குப் போக என்னால் முடியாது. அதாவது, முடியாது என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

அதனால் வேறு வேலை தேடினேன். வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று 'எங்கிருந்தும் வேலை செய்யலாம்' என்று விளம்பரம் போட்டிருந்தது. முதல் சுற்று, நிரல் எழுதும் சோதனை, எப்படியோ தாண்டியாயிற்று. அடுத்தது சிஸ்டம் டிசைன் நேர்முகத் தேர்வு என்று அறிவித்தார்கள். நான் பயந்துகொண்டு இருந்ததும் அதற்குத்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால், அது ஒரு விசித்திரமான பரீட்சை. கேள்வி ஒரே ஒரு வரிதான் வரும். 'பஸ்ஸுக்கு ஆசனம் பதிவு செய்யும் முறை ஒன்றை வடிவமையுங்கள்' என்பார்கள். அவ்வளவுதான். ஒரு மணித்தியாலம் நீங்கள் பேசவேண்டும், திரையில் பெட்டி பெட்டியாக வரையவேண்டும். சரியான விடை என்று ஒன்று கிடையாது. அனுபவம் உள்ளவனை அதில்தான் எடைபோடுவார்கள். விடை இல்லாத பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? புத்தகம் வாங்கினேன், வீடியோ பார்த்தேன், பெட்டிகளின் பெயரெல்லாம் பாடமாக்கினேன். பாடமாக்க ஆக்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

எனக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரன். குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலத்தில் அங்கே வளர்ந்து, பிறகு ஊர் திரும்பியவன். ஒரு காலத்தில் ஒரே கொம்பனியில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். இப்போது தன் கொம்பனியில் இதே மாதிரி நேர்முகங்களை அவனே நடத்துகிறான். வீடியோ அழைப்பில் என்னைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டேன். சந்தோசமாக ஒப்புக்கொண்டான். என்னைச் சித்திரவதை செய்ய அவனுக்கு எப்போதும் விருப்பம்.

"சரி மச்சான். வவுனியா–கொழும்பு பஸ் ஓடுற ஒரு கொம்பனி. ஒன்லைன்ல சீற் புக் பண்ணுறதுக்கு ஒரு சிஸ்டம். தொடங்கு" என்றான்.

தொடங்கினேன். வருகிற சுமையைப் பங்கிட ஒரு பெட்டி, பின்னால் ஒரு வரிசை சேர்வர்கள், வேகத்துக்கு ஒரு தற்காலிகச் சேமிப்பு, டேட்டாபேஸுக்கு மூன்று பிரதிகள், மூன்றும் மூன்று நாடுகளில். ஒரு நாட்டில் மின்சாரம் போனால் மற்றது, அதுவும் போனால் அடுத்தது. எல்லாவற்றுக்கும் நடுவில், வருகிற வேலைகளை வரிசையில் நிறுத்தி வைக்க ஒரு கியூ, அந்தக் கியூ விழுந்தால் இன்னொரு கியூ. மூச்சு விடாமல் வரைந்தேன். திரை நிரம்பியதும் நிமிர்ந்து பார்த்தேன். அவன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு இருந்தான்.

"எத்தினை பஸ்?" என்று கேட்டான்.

"நீ சொல்லேல்லையே."

"நீ கேக்கேல்லையே. இருபது பஸ்தான்டா. ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்தாப் பெரிய காரியம். ஒரு சின்ன டேட்டாபேஸ் ஒண்டும், அதுக்கு ஒரு பக்கப் பிரதியும் காணும். நீ சிஸ்டம் டிசைன் பண்ணேல்ல மச்சான், பங்கர் வெட்டுறாய்."

குண்டுக்குப் பயந்து பதுங்குகுழி வெட்டிய சனம் நாங்கள்; எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. அவன் விடவில்லை. ஒரே சீற்றை இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டான். மூன்று நாட்டிலும் மூன்று பிரதி வைத்து, மூன்றிலும் எழுதவிட்டால், இரண்டு பேருக்கும் 'உங்களுக்குத்தான் சீற்' என்று சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது. பிரதிகள் ஒன்றோடு ஒன்று கதைத்து ஒத்துப்போகும் வரைக்கும் பொறுத்திருந்தால், ஆட்களைக் காக்க வைக்கவேண்டும்.

"பஸ்ஸுக்க ஏறின பிறகு ரெண்டு பேர் ஒரு சீற்றுக்குச் சண்டை பிடிக்கிறது நல்லதோ, இல்லாட்டி ஒராளுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு வாங்கோ எண்டு சொல்லுறது நல்லதோ? ஒண்டை எடு. மற்றதை ஏன் விட்டனீ எண்டு சொல்லு. அதுதான் அவங்கள் கேக்கிறது" என்றான்.

பிறகு, காசு கட்டும் வரைக்கும் சீற்றைப் பிடித்து வைத்திருப்பதைப் பற்றி அரை மணித்தியாலம் வாதாடினோம். கனநேரம் பிடித்து வைத்தால் வாங்காதவன் சீற்றை முடக்கி வைத்திருப்பான். கொஞ்ச நேரம் பிடித்தால் காசு கட்டிக்கொண்டு இருக்கிறவனிடம் இருந்தே பறித்துவிடுவோம். எனக்கு இரண்டு பக்கமும் இழக்க மனமில்லை. ஒவ்வொரு முறையும் 'ரெண்டையும் செய்யலாம்' என்றுதான் தொடங்கினேன். அவன் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினான்.

அழைப்பை முடிக்கும்போது அவன் சொன்னது என்னை நாள் முழுக்க அரித்தது. "உனக்கு எல்லாம் தெரியும் மச்சான். ஆனா வாய் திறந்து ஒரு கேள்வி கேக்கிறாய் இல்லை. ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும். நான் வளர்ந்த காலத்தில் திருப்பிக் கேட்பது நல்ல பழக்கம் அல்ல. இராணுவச் சோதனைச் சாவடிக்குப் போகும் முன் அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே வசனத்தைச் சொல்லுவா: "கேட்டதுக்கு மட்டும் மறுமொழி சொல்லு. நீ ஒண்டும் கேக்காதை." யுத்தம் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமிலும் அப்படித்தான். எந்த வரிசையில் நிற்கச் சொன்னார்களோ அந்த வரிசையில் நின்றோம், ஏன் என்று கேட்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் என்ன நினைக்கிறான் என்று ஊகித்து, மிக மோசமானதுக்குத் தயாராகிவிடுவதுதான் புத்தி என்று பழகிவிட்டேன். அந்தப் பழக்கம் இத்தனை வருடமாக எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்திருக்கிறது. 'சொன்னதைச் செய்வான், கரைச்சல் தரமாட்டான்' என்பார்கள். இப்போது அதுவே என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று தெரிந்தபோது உண்மையாகவே பயந்தேன்.

அடுத்த நாட்களில் நான் படித்தது கணினியை அல்ல, கேள்வி கேட்பதை. கண்ணாடிக்கு முன்னால் நின்று கேட்டேன். யார் பாவிக்கப்போகிறார்கள்? எத்தனை பேர்? வாசிப்பது அதிகமா, எழுதுவது அதிகமா? எவ்வளவு நேரம் தாமதித்தால் பரவாயில்லை? எது பிழைத்தால் மன்னிக்கலாம், எது பிழைத்தால் மன்னிக்க முடியாது? என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

கண்ணாடி மறுமொழி சொல்லாது என்பதால் மனைவியைப் பிடித்தேன். பகல் வேலை முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல், முன் அறையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். கூட்டாளி அனுப்பிய கேள்விகளைப் போனில் பார்த்து வாசித்தாள். நான் திருப்பிக் கேட்டேன்.

"எத்தனை பேர் பாவிப்பினம்?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீங்களே ஒண்டைச் சொல்லுங்கோ."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. நீர்தான் சோதிக்கிற ஆள்."

"அவங்களும் இப்பிடித்தானே சொல்லுவாங்கள்? 'நீங்களே முடிவெடுங்கோ' எண்டு உங்கட கூட்டாளி எழுதி அனுப்பியிருக்கிறார்" என்றாள்.

அது உண்மை. கேட்டும் மறுமொழி வராவிட்டால் நானே ஒரு கணக்கை ஊகித்து, 'இப்படி வைத்துக்கொள்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள்' என்று உரத்துச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். உரத்துச் சொல்வதுதான் முக்கியம். ஊகத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு கட்டினால் அது அவர்களின் சிஸ்டம் அல்ல, என் பயத்தின் சிஸ்டம். இதைப் புரிந்துகொண்டபோது கொஞ்சம் தைரியம் வந்தது. பயிற்சி நன்றாகப் போன நாளில் அவள் எழும்பிப் போகும்போது, பேச்சோடு பேச்சாகக் கேட்டாள்.

"இஞ்ச இருந்து செய்ய விடுவினமோ எண்டு அவையளைக் கேட்டனீங்களோ?"

"எங்கயிருந்தும் செய்யலாம் எண்டு விளம்பரத்தில போட்டிருக்கு."

"கேட்டனீங்களோ எண்டுதான் கேட்டனான்."

"கேக்கத் தேவையில்லை" என்றேன். குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. அவள் உடுப்பு மாற்றப் போனாள். கேட்டால் 'இல்லை' என்று வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கேட்காத வரைக்கும் அந்த 'இல்லை' பிறக்காது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேர்முகம் ஒரு பின்னேரம். மழை இருட்டிக்கொண்டு நின்றது. வீட்டு இணைப்பு போனால் என்று இரண்டு போன்களை இரண்டு கொம்பனிச் சிம்மோடு மேசையில் வைத்தேன். மின்சாரம் போனால் என்று பற்றரி. மனைவிக்கு அன்று ஓய்வு நாள். குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சமைத்துக்கொண்டு இருந்தாள்.  குடிப்பதற்குக் கொண்டுவந்து வைத்த தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன்.

திரையில் ஒரு பெண் வந்தா. என் வயதுதான் இருக்கும். நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில். நலம் விசாரித்துவிட்டு, 'பாவனையாளர்களுக்கு அறிவிப்புகள் அனுப்பும் முறை ஒன்றை வடிவமையுங்கள்' என்று சொல்லி நிறுத்திவிட்டா.

கை தானாகப் பெட்டி வரையப் போனது. அதை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். 

"என்ன வகையான அறிவிப்புகள்?" என்று கேட்டேன்.

வானம் இடிந்து விழவில்லை. அவ முகம் மலர்ந்தது. இரண்டு வகை என்றா. ஒன்று, காசு அனுப்பும்போது போனுக்கு வரும் இரகசிய எண். மற்றது விளம்பரம். நான் அடுத்ததைக் கேட்டேன், அதற்கடுத்ததையும் கேட்டேன். அறிவிப்பு ஒன்று தொலைந்துபோவது மோசமா, இரண்டு தரம் போவது மோசமா என்று கேட்டபோது அவ கொஞ்சம் யோசித்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றா.

இரகசிய எண் தொலைந்தால் ஆள் அந்தரித்து நிற்பான், இரண்டு தரம் வந்தால் எரிச்சல் மட்டும்தான், ஆகவே தொலையாமல் இருப்பதையே தெரிவு செய்கிறேன் என்றேன். இரண்டு வகைக்கும் வேறு வேறு கியூ போட்டேன், விளம்பரக் கூட்டத்துக்குள் அவசரமானது அகப்பட்டு நிற்கக்கூடாது என்பதற்காக. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு தனி அடையாளம் கொடுத்து, ஏற்கெனவே அனுப்பியதை எங்கள் பக்கத்தில் திரும்ப அனுப்பாமல் தடுக்கலாம் என்றேன். ஆனால் தொலைபேசிக் கொம்பனி அதை வாங்கிக்கொண்டு மறுமொழி சொல்லாமல் விட்டால், போனதா போகவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது, திரும்ப அனுப்பத்தான் வேண்டும், சிலருக்கு இரண்டு தரம் போகும், அதை ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று என் வாயால் நான் சொன்னதை நானே நம்பவில்லை.

"நெரிசலில் கியூ நிரம்பிவிட்டது. அரை மணித்தியாலத்துக்கு முன் வந்த இரகசிய எண்களும் அதில் காத்திருக்கின்றன. என்ன செய்வீர்கள்?"

பழைய நான் என்றால் ஒன்றையும் கைவிட்டிருக்க மாட்டேன். "அந்த எண்கள் எத்தனை நிமிடம் செல்லுபடியாகும்?" என்று கேட்டேன். ஐந்து நிமிடம் என்றா. "அப்படியென்றால் பழையதை எறிந்துவிடுவேன். காலாவதியானதை அனுப்பி ஆளைக் குழப்புவதில் பிரயோசனம் இல்லை" என்றேன். அவ ஏதோ எழுதிக்கொண்டா. ஒரு தரவு மையமே விழுந்தால் என்று கேட்டபோது என் உள்ளங்கை பங்கர் வெட்டத் துடித்தது. எவ்வளவு நேரம் சேவை நின்றால் பொறுப்பீர்கள் என்று கேட்டேன். சில நிமிடங்கள் பரவாயில்லை என்றா. அப்படியானால் இரண்டு இடத்திலும் முழுதாக ஓடவிட்டுச் செலவழிக்காமல், இரண்டாவதைத் தயாராக மட்டும் வைத்திருந்து மாறிக்கொள்ளலாம் என்று சொன்னேன். மாறும் கணத்தில் கடைசியாக வந்த சில அறிவிப்புகள் தொலைந்துபோகலாம், அதையும் சொன்னேன்.

நேரம் முடிந்தது. நன்றாகச் செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அவ சிரித்து, "எங்களிடம் கேட்க ஏதாவது இருக்கிறதா?" என்றா.

முழு மணித்தியாலத்திலும் வராத பயம் அப்போது வந்தது. கேட்காமல் நன்றி சொல்லி வைத்துவிடலாம். ஆனால் கேட்டுப் பழகிய வாய் நிற்கவில்லை. "நான் கிளிநொச்சியில் இருக்கிறேன். இங்கிருந்தே வேலை செய்யலாம்தானே?"

அவவுக்குக் கிளிநொச்சி எங்கே என்று தெரியவில்லை. கொழும்பா என்று கேட்டா. இல்லை, ரெயினில் பல மணித்தியாலம் என்றேன். அவ முகம் கொஞ்சம் மாறியது. இலங்கையில் இருக்கும் ஆட்களைக் கொழும்பில் உள்ள கிளையோடு சேர்த்திருக்கிறோம், முதல் இரண்டு வருடம் அங்கே வந்து போகவேண்டும், இதை உங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள் என்றா.

"அப்படியென்றால் என்னால் முடியாது" என்றேன். உடனேயே சொன்னேன். யோசிக்கவே இல்லை. அவ, உங்கள் மனம் மாறினால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள் என்று சொல்லி விடைபெற்றா.

குசினிக் கதவைத் திறந்தேன். மனைவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டு இருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை வைத்தாள்.

"என்ன மாதிரி?"

"நல்லாச் செய்தனான். ஆனா கொழும்பில இருக்கவேணுமாம். ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

என்னை மெச்சுவாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். ஒரு வேலையையே அவளுக்காக விட்டிருக்கிறேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?"

நான் நறுக்கிய பயற்றங்காயைப் பார்த்தேன்.

"இப்ப இருக்கிற வேலையும் கொழும்புக்கு வா எண்டு சொல்லுது. இதுவும் வா எண்டு சொல்லுது. ரெண்டையும் விட்டிட்டு என்ன செய்யப் போறியள்? அதை விடுங்கோ. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு பயிற்சி இருக்கு, கொழும்பில. போறீரோ எண்டு எங்கட ஆஸ்பத்திரி மேற்றன் ரெண்டு தரம் கேட்டவா. நீங்கள் இந்த வீட்டை விட்டு அசைய மாட்டியள் எண்டு நான்தான் ஏலாது எண்டு சொன்னனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லையே."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவளும் என்னை ஊகித்தாள், நானும் அவளை ஊகித்தேன். ஊகித்து ஊகித்து இரண்டு பேரும் இந்த வீட்டைக் காவல் காத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். முன் அறையில் அவள் முன்னால் இருந்து எத்தனை கேள்வி கேட்டுப் பழகினேன்! ஒன்றுகூட அவளைப் பற்றியது இல்லை.

கேட்கவேண்டியதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. திரையில் இருந்த பெண்ணிடம் கேட்டதைவிடக் கூடப் பயம். கொழும்புக்குப் போகவேண்டும் என்று சொன்னால் என்ன செய்வேன்? நான் இல்லாமலும் போவேன் என்று சொன்னால்? 

"உமக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

 அவள் பலகைக் கட்டையை இழுத்துப் போட்டு இருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"தெரியேல்லையப்பா" என்றாள். "இவ்வளவு காலத்தில இப்பதான் ஒராள் என்னைக் கேக்குது. கொஞ்சம் பொறுங்கோ, யோசிச்சுச் சொல்லுறன்."

நான் நிலத்தில் அவளுக்கு எதிரே இருந்து பொறுத்தேன்.